பற்றாக்குறைக்குப் பணம் தந்தவர் யார்?

1991-ஆம் வருஷம் ஜூன் மாத இறுதியில் பாரத தேசத்தின் கையில் இருந்த அந்நிய நாணயம், தங்கத்தை நீக்கிப் பார்த்தால், ஏறக்குறைய இரண்டு வாரத்து இறக்குமதிக்குத்தான் போதுமானதாக இருந்தது என்பதும், அதையடுத்த ஜூலை மாதத்தில் ரிசர்வ் வங்கியின் தங்கக் கட்டிகள் நாற்பத்தேழு டன் அளவுக்கு விமானமேறி அடகுப் பொருளாகச் சென்றன என்பதும் அக்காலத்தில் பத்திரிகை படித்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும், ஏற்றுமதியைக் காட்டிலும் இறக்குமதி மிகுந்துபோயிற்று, ஆகவே பணம் தீர்ந்துபோயிற்று என்று இரண்டே வாக்கியத்தில் விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். இது பொய்யான விளக்கம் அன்று. ஆனால் பாதி விளக்கம். சுதந்திரத்துக்குப் பிறகு நம் சரக்கு வியாபாரத்தில் உபரி கண்ட வருஷங்கள் 1972-73, 1976-77 என்ற இரண்டே இரண்டுதான் அதுவரையில் நேர்ந்திருந்தன; மற்ற வருஷங்களிலெல்லாம் இறக்குமதியே மிகுந்திருந்தது. அப்படியிருக்க, நாற்பது வருஷம் தாங்கிய ஒரு பற்றாக்குறை 1991-ல் மட்டும் தேசத்தை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டது ஏன் என்பதற்கு விடை, பற்றாக்குறையின் அளவில் மட்டும் இல்லை. அந்தப் பற்றாக்குறைக்கு யார் பணம் தந்தார்கள், எவ்வளவு காலத்துக்குத் தந்தார்கள் என்பதில் இருக்கிறது. அதைக் காண வேண்டுமானால் அயல்நாட்டுச் செலுத்துநிலைக் கணக்கு என்ற அந்தப் பேரேட்டை ஒரு முறை நிதானமாகத் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

ஒரு தேசத்தில் வாசம் செய்கிறவர்களுக்கும் வெளியே வாசம் செய்கிறவர்களுக்கும் இடையே ஒரு வருஷத்தில் நடந்த எல்லாப் பரிவர்த்தனைகளையும் இரட்டைப் பதிவு முறையில், அதாவது ஒவ்வொன்றையும் ஒரு வரவாகவும் ஒரு பற்றாகவும், எழுதிவைப்பதே இந்தக் கணக்கு. சரக்கு ஏற்றுமதியும் சேவை ஏற்றுமதியும் வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பப் பணமும் வரவு. இறக்குமதியும் வெளியாருக்குச் செலுத்தும் வட்டியும் லாபப்பங்கும் பற்று. இவ்வளவும் சேர்ந்தது நடப்புக் கணக்கு. வெளியார் நமக்குக் கொடுத்த கடன், நம் வங்கிகளில் அவர்கள் போட்ட வைப்பு, நம் தொழில்களில் அவர்கள் இட்ட முதல் ஆகியவை மூலதனக் கணக்கில் வரவு. வாசகர்களில் பலர் தடுமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது: நியூயார்க்கில் உள்ள ஒரு வங்கியில் நம்முடைய டாலர் இருப்பு உயர்ந்தால் அது இந்தக் கணக்கில் வரவு அன்று, பற்று. ஏனென்றால் அயல்நாட்டின்மேல் ஒரு பாத்தியதையை நாம் அப்போது வாங்கிக்கொள்கிறோம், வாங்குவதெல்லாம் பற்றுத்தான். இதே நியாயத்தால், கையிருப்பு குறைவது வரவாக எழுதப்படும். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

ஒரு சிறிய தேசத்தை எடுத்துக்கொண்டு, அதன் ஒரு வருஷத்துப் பரிவர்த்தனைகள் ஐந்தே ஐந்து என்று கற்பித்துக்கொள்வோம். தொகைகள் யாவும் கோடி டாலரில். முதலாவது, பின்னலாடை ஏற்றுமதி செய்து 40 பெறுகிறது. அந்தப் பணம் அந்நிய வங்கியில் அதன் பெயரில் ஏறுகிறது. இரண்டாவது, 100-க்குக் கச்சா எண்ணெய் வாங்குகிறது; அதில் 40-ஐ உடனே கொடுத்துவிட்டு, மீதி 60-க்கு எண்ணெய் விற்றவரிடம் ஆறு மாதத் தவணை சொல்கிறது. மூன்றாவது, குவைத்தில் வேலை செய்யும் அதன் மக்கள் வீட்டுக்கு 20 அனுப்புகிறார்கள். நான்காவது, பழைய கடனுக்கு வட்டியாக 10 கட்டுகிறது. ஐந்தாவது, வெளிநாட்டில் குடியிருப்போர் அந்தத் தேசத்து வங்கிகளில் நல்ல வட்டியை நாடி 15 வைப்பாகப் போடுகிறார்கள். நடப்புக் கணக்கைக் கூட்டினால் 40-உம் 20-உம் வரவு, 100-உம் 10-உம் பற்று. ஆகப் பற்றாக்குறை 50. மூலதனக் கணக்கில் எண்ணெய்க்காரர் பொறுத்துக்கொண்ட 60-உம் வைப்பாளர் கொடுத்த 15-உம் சேர்ந்து, தேசம் புதிதாக ஏற்ற கடமை 75. அந்நிய வங்கியில் உள்ள இருப்போ 40 ஏறி, 40 இறங்கி, 20 ஏறி, 10 இறங்கி, 15 ஏறி, கடைசியில் 25 கூடியிருக்கிறது. 75-இல் 25-ஐக் கழித்தால் 50. பற்றாக்குறைக்கு ஒரு சதங்கூடப் பிசகாமல் ஈடாகிவிட்டது.

இந்தச் சமநிலை யாருடைய சாமர்த்தியத்தாலும் வந்தது அன்று. இரட்டைப் பதிவின் இயல்பே அது. நடப்புக் கணக்கில் துண்டு விழுந்தால் அதே அளவு தொகை, புதிய கடமையாகவோ பழைய சொத்தின் குறைவாகவோ, மறுபக்கத்தில் வந்தே தீரும். ஆதலால் செலுத்துநிலையில் பற்றாக்குறை என்று பொதுப்படச் சொல்வதில் அர்த்தமில்லை. எந்தக் கோட்டுக்கு மேலே கூட்டினோம் என்பதைச் சொன்னால்தான் அர்த்தமுண்டு. நடைமுறையில் சுங்கச் சாவடிக் கணக்கும் வங்கிக் கணக்கும் வெவ்வேறு இடங்களில் திரட்டப்படுவதால் இரண்டு பக்கமும் அப்படியே பொருந்தி வருவதில்லை. அந்த வித்தியாசத்தைப் பிழைகளும் விடுபாடுகளும் என்ற தனி வரியில் எழுதிச் சரிக்கட்டுகிறார்கள். அந்த வரி வருஷா வருஷம் ஒரே திசையில் பெரிதாகிக்கொண்டே போனால் பணம் கணக்கில் படாத வழியில் வெளியேறுகிறதோ என்று சந்தேகிப்பது புத்திசாலித்தனம்.

நம் உதாரணத்தில் கவனிக்கத் தகுந்தது, பற்றாக்குறை 50 இருந்தும் கையிருப்பு 25 உயர்ந்ததாகும். அந்தத் தேசத்து நிதி மந்திரி அந்த வருஷம் சட்டசபையில் எழுந்து, நம் அந்நியச் செலாவணி பெருகியிருக்கிறது என்று பெருமிதத்தோடு சொல்லலாம். சொன்னது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அடுத்த வருஷத்தைப் பாருங்கள். ஏற்றுமதி, இறக்குமதி, குடும்பப் பணம், வட்டி எல்லாம் அப்படியே இருந்து பற்றாக்குறை மறுபடியும் 50-ஆகவே இருக்கட்டும். எண்ணெய்க்காரர் பழைய 60-க்குத் தவணை நீட்ட மறுத்து, புதிதாகவும் கடன் தர மறுத்துவிட்டார். வைப்பாளர்களும் எதையோ கேள்விப்பட்டு 15-ஐத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அப்போது அந்தத் தேசத்தின் கையிருப்பிலிருந்து போக வேண்டியது 50 அன்று. 50-உம் 75-உம் சேர்ந்த 125. பற்றாக்குறை ஒரு பைசாவும் வளரவில்லை. ஆயினும் முந்திய வருஷம் 25 ஏறிய கையிருப்பு இந்த வருஷம் 125 இறங்குகிறது. அந்தத் தேசத்திடம் இருந்தது நூறே என்றால் வருஷம் முடிவதற்குள் அது வாக்குத் தவறிய தேசமாகிவிடும். நடப்புக் கணக்கு ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இந்த வீழ்ச்சி வானத்திலிருந்து விழுந்த இடியாகத் தோன்றும். கீழ்ப்பாதியைப் படித்தவருக்கோ முன்கூட்டியே புலப்பட்டிருக்கும்.

இனி 1990-91-ஆம் வருஷத்துக் கணக்கை, கோடி டாலரில் முழு எண்களாக்கி, இதே முறையில் படிப்போம். அவ்வருஷம் ஏற்றுமதி 1,848, இறக்குமதி 2,792. சரக்கில் துண்டு 944. சேவைகளில் 98, வெளிநாடு வாழ் மக்கள் அனுப்பிய பணத்தில் 207, அரசாங்க நன்கொடைகளில் 46 என்று நிகரமாக வந்தவற்றை, வட்டியும் லாபப்பங்குமாக வெளியே சென்ற 375 அப்படியே விழுங்கிவிட்டு மேலும் 24-ஐக் கேட்டது. ஆக, நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 968. தேசிய உற்பத்தியில் மூன்று சதவிகிதம். ஈராக் குவைத்தின்மேல் படையெடுத்ததால் எண்ணெய் விலை ஏறியதும், அங்கே சம்பாதித்துக்கொண்டிருந்த லக்ஷத்துக்கு மேற்பட்ட நம்மவர் வெறுங்கையோடு ஊர் திரும்பியதும் அந்த வருஷத்தின் விசேஷத் துன்பங்கள்தாம். ஆயினும், எண்ணெயைக் காட்டிலும் ஆழமான ஒரு விஷயத்தை அந்த 375 காட்டுகிறது என்பது என் கருத்து. பற்றாக்குறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்த அந்தத் தொகை, அந்த வருஷத்தில் வாங்கிய எந்தப் பண்டத்துக்கும் விலையன்று. எண்பதுகள் முழுவதும் சேர்ந்த பழைய பற்றாக்குறைகளின் நிழல்.

தொடர்ச்சியான பற்றாக்குறை ஒரு வருஷப் பற்றாக்குறையினின்று வேறுபடும் இடம் இதுவே. வட்டி நீங்கலாக வருஷந்தோறும் 100 துண்டு விழுகிறது, அதை எட்டு சதவிகித வட்டிக் கடனால் மட்டுமே சரிக்கட்டுகிறோம் என்று வைத்துக்கொண்டால், முதல் வருஷம் பற்றாக்குறை 100. இரண்டாம் வருஷம் 108. மூன்றாம் வருஷம் ஏறக்குறைய 117. நான்காம் வருஷம் 126. ஐந்தாம் வருஷம் 136. வெளியிலிருந்து ஐந்து வருஷத்தில் நாம் மிகுதியாகப் பெற்ற பண்டம் 500-தான். நிற்கும் கடனோ 587. வாங்கிய முதல், ஏற்றுமதியைப் பெருக்கும் ஆலையாகவும் துறைமுகமாகவும் மாறியிருந்தால் இந்த ஏணியில் ஏறுவதைப் பற்றிக் கவலையில்லை. நம் தேசத்தில் அப்போது மத்திய சர்க்காரின் நிதிப் பற்றாக்குறை மட்டுமே உற்பத்தியில் எட்டு சதவிகிதத்தை ஒட்டி நின்றது. நடப்புக் கணக்குப் பற்றாக்குறை என்பது தேசத்தின் முதலீட்டுக்கும் சேமிப்புக்கும் உள்ள இடைவெளிதான். சர்க்கார் சேமிக்காமல் செலவிட்டதில் ஒரு பகுதியை அந்நியரின் சேமிப்பு தாங்கிக்கொண்டிருந்தது.

அந்த 968-க்குப் பணம் தந்தவர்கள் யார்? அயல் அரசாங்கங்களும் உலக வங்கி போன்ற ஸ்தாபனங்களும் நீண்ட தவணையில் கொடுத்த உதவிக் கடன் 221. அந்நிய வங்கிகளிடமும் சந்தையிலும் வாங்கிய வணிகக் கடன் 225. வெளிநாடு வாழ் இந்தியர் வைப்பு 154. சர்வதேச நிதியத்திடம் பெற்றது 121. அந்நியர் முதலீடு வெறும் 10. குறுகிய காலக் கடன்களும் வங்கிகள் வழியே வந்த சில்லறை ஓட்டங்களும் பிழைகளும் விடுபாடுகளும் ஆகிய பலதரப்பட்டவை 228. இவற்றிலிருந்து, சோவியத் கடனுக்கு ரூபாய் வழியே அடைத்த 119-ஐக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் 840. குறைந்த 128-ஐக் கையிருப்பு கொடுத்தது. 840-உம் 128-உம் 968. கணக்கு நேராயிற்று.

இந்தப் பட்டியலில் என் விரல் இரண்டு இடத்தில் நிற்கிறது. ஒன்று அந்த 10. முதலீடாக வந்த பணத்துக்குத் தவணை கிடையாது; ஆலை நஷ்டப்பட்டால் அந்நியனும் சேர்ந்து நஷ்டப்படுவான்; லாபம் வந்தால் மட்டுமே பங்கு கேட்பான். அத்தகைய பணம் நம் பற்றாக்குறையில் நூற்றுக்கு ஒன்றாக இருந்தது. ஏறக்குறைய முழுமையும் குறித்த நாளில் திருப்ப வேண்டிய கடன். மற்றொன்று, வைப்பும் குறுகிய காலக் கடனும். அந்நிய நாணயத்திலேயே போட்டு அந்நிய நாணயத்திலேயே எடுத்துக்கொள்ளும் வைப்புக் கணக்குகளில் நாணய மாற்று நஷ்டத்தை அப்போது ரிசர்வ் வங்கியே ஏற்றிருந்தது. வைப்பாளருக்கு வட்டியும் மிகுதி, அபாயமும் இல்லை, வெளியேற வாசலும் திறந்திருந்தது. 1991 மார்ச் முடிவில் ஒரு வருஷத்துக்கு உட்பட்ட தவணைக் கடன் 854 கோடி டாலர். மொத்தக் கையிருப்பு 583 கோடி டாலர். நூறு ரூபாய் இருப்பை நம்பி நூற்று நாற்பத்தாறு ரூபாய்க் கடன்காரர் வாசலில் நிற்கும் நிலை அது.

அந்த 583-ஐயும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அதில் 350 தங்கம். பத்து கிராம் 84 ரூபாய்ச் சொச்சம் என்ற பழங்காலத்துச் சட்ட விலையில் எழுதிவந்த தங்கத்தை, 1990 அக்டோபரில் சந்தை விலையை ஒட்டி மறுமதிப்பீடு செய்தார்கள். ஒரு குண்டுமணித் தங்கம்கூட வாங்காமலே ஏட்டில் தங்கத்தின் மதிப்பு பன்மடங்காயிற்று. இவ்விதமான மதிப்பு மாற்றம் பரிவர்த்தனை அன்று என்பதால் செலுத்துநிலைக் கணக்கில் இடம் பெறாது; கையிருப்புப் பட்டியலில் மட்டும் தோன்றும். ஆகையால், இரண்டு தேதிகளின் கையிருப்பைக் கழித்துப் பார்த்து அந்த வருஷத்தில் பணம் வந்ததா போனதா என்று தீர்மானிக்கிறவர் ஏமாந்துபோவார். அன்று உடனே எடுத்துச் செலவழிக்கக்கூடிய அந்நிய நாணயம் 224 கோடி டாலர்தான்; அந்த வருஷத்து இறக்குமதி மாதம் ஒன்றுக்கு 233.

பிறகு நடந்தது நம் சிறிய உதாரணத்தின் இரண்டாம் வருஷமே. கடன் தரத்தை நிர்ணயிக்கும் நிறுவனங்கள் நம் தரத்தை இறக்கின. குறுகிய காலக் கடனைப் புதுப்பிக்க அந்நிய வங்கிகள் தயங்கின. முந்திய வருஷம் 154 கொடுத்த வைப்பாளர்கள், 1991 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்றே மாதத்தில் ஏறத்தாழ 95 கோடி டாலரை எடுத்துக்கொண்டு சென்றார்கள். அவர்களில் யாரும் தேசத் துரோகிகள் அல்லர். தன் சேமிப்பைப் பற்றி அஞ்சுகிற எந்தக் குடும்பஸ்தனும் செய்வதைத்தான் செய்தார்கள். பிழை, எந்த நாளும் எடுக்கத் தகுந்த பணத்தைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் பற்றாக்குறையை நடத்திய ஏற்பாட்டில் இருந்தது.

வெளியார் பணம் தர மறுத்தால் இரண்டே வழி: சொத்தை எடுக்க வேண்டும், அல்லது பற்றாக்குறையையே சுருக்க வேண்டும். இரண்டும் நடந்தன. மே மாதத்தில், கடத்தல்காரர்களிடமிருந்து கைப்பற்றிச் சர்க்கார் வசம் இருந்த தங்கத்தில் இருபது டன், திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு, ஸ்டேட் வங்கியின் மூலம் சுவிட்ஸர்லாந்து வங்கி ஒன்றுக்கு விற்கப்பட்டது. ஜூலை மாதம் 4-ஆம் தேதிக்கும் 18-ஆம் தேதிக்கும் இடையே, ரிசர்வ் வங்கியின் தங்கம் 46.91 டன் வெளியே சென்று, இங்கிலாந்து வங்கியும் ஜப்பான் வங்கியும் தந்த நாற்பது கோடி டாலர்க் கடனுக்கு ஈடாயிற்று. அந்தத் தங்கம் நம் தேசத்தின் உடைமையாகவே நீடித்தபடியால், கணக்கில் அது தங்க விற்பனையன்று, கடன் வரவு. மக்கள் மனத்தில் அது வேறு விதமாகப் பதிந்ததில் வியப்பில்லை. ரிசர்வ் வங்கியின் கவர்னர் பதவியில் அப்போது இருந்தவர் எஸ். வெங்கிடரமணன், துணை கவர்னர்களில் ஒருவர் சி. ரங்கராஜன். ஜூலை 1, 3 ஆகிய இரண்டு தேதிகளில் ரூபாயின் மதிப்பையும் குறைத்தார்கள்.

பற்றாக்குறையைச் சுருக்கிய வேலையை, ரூபாயின் மதிப்பு இறக்கத்தைக் காட்டிலும் வேகமாகச் செய்தவை இறக்குமதித் தடைகள். இறக்குமதி செய்கிறவர் சரக்கின் விலையைப் போல் இரண்டு மடங்கு வரை ரொக்கமாக முன்வைப்புக் கட்ட வேண்டும் என்ற அளவுக்கு நிபந்தனை ஏறியது. 1991-92-இல் இறக்குமதி 2,106 கோடி டாலராக விழுந்தது. ஏற்றுமதியோ உயரவில்லை, 1,827-ஆகச் சற்றே இறங்கியது. பற்றாக்குறை 968-லிருந்து 118-ஆகிவிட்டது. ஒரே வருஷத்தில் இத்தகைய சுருக்கத்தைக் கண்டு இதை ஆரோக்கியம் என்று எண்ணுவோர் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. இயந்திரமும் உதிரிப் பாகமும் மூலப்பொருளும் வராமல் தொழிற்சாலைகளின் வேலை நின்றதால் குறைந்த பற்றாக்குறை அது. பணம் கொடுப்பவர் இல்லாதபோது நடப்புக் கணக்கு தானாகவே சமநிலைக்கு வந்துவிடும் என்பது கணித ரீதியில் நிச்சயம். அதற்கான கூலியை வேலையிழந்தவர்களும் உற்பத்தி குறைந்த ஊர்களும் கொடுக்கிறார்கள்.

பின்னர் ரங்கராஜன் தலைமையில் அமைந்த செலுத்துநிலைக் குழு, தேசிய உற்பத்தியில் 1.6 சதவிகிதம் வரையிலான பற்றாக்குறையைத் தாங்கலாம் என்றும், குறுகிய காலக் கடனைச் சுருக்கி, கடன் உண்டாக்காத முதலீட்டை நாட வேண்டும் என்றும் சொல்லிற்று. முதல் யோசனையை விட இரண்டாவதே பெரிது என்று நினைக்கிறேன். இதற்கு 2012-13-ஆம் வருஷம் நல்ல சோதனையாக அமைந்தது. அவ்வருஷப் பற்றாக்குறை ஏறக்குறைய 8,800 கோடி டாலர், உற்பத்தியில் 4.8 சதவிகிதம், அதாவது 1990-91-ஐ விட மிகுதி. தங்க இறக்குமதி மட்டுமே 5,000 கோடி டாலருக்கு மேல். இருந்தும் கையிருப்பு குறையவில்லை. 380 கோடி டாலர் கூடியது. காரணம், நேர் முதலீடும் பங்குச் சந்தைப் பணமும் கடனும் வைப்பும் கலந்து, பற்றாக்குறையை மீறி வந்தன.

ஆனால் அந்தக் கலவையிலும் ஓடும் பணம் நிறைய இருந்தது. 2013 மே மாதத்தில் அமெரிக்க மத்திய வங்கி தன் கடன் பத்திரக் கொள்முதலைக் குறைக்கலாம் என்று குறிப்புக் காட்டியதும், நம் கடன் பத்திரங்களில் இருந்த அந்நியப் பணம் வெளியேறத் தொடங்கி, ஆகஸ்ட் 28-ஆம் தேதி ரூபாய் டாலருக்கு 68-ஐத் தாண்டியது. அப்போது கையாண்ட மருந்தும் 1990-இன் பழைய மருந்தே, ஆனால் அளவு அறிந்து கொடுத்தது: வெளிநாடு வாழ் இந்தியரிடம் அந்நிய நாணய வைப்பு பெற்றார்கள், ஆனால் மூன்று வருஷத்துக்குக் குறையாத தவணை விதித்தார்கள். வங்கிகளுக்கு நாணய மாற்று வசதியை ரிசர்வ் வங்கி சலுகை விகிதத்தில் தந்ததால் ஏறத்தாழ 2,600 கோடி டாலர் வந்தது. அந்த வைப்புகள் 2016-ஆம் வருஷத்தின் கடைசி மாதங்களில் முதிர்ந்தபோது தேவைப்படும் டாலரை, ரிசர்வ் வங்கி முன்பேர ஒப்பந்தங்களில் நாளுக்கு நாள் பொருத்தி வாங்கிவைத்திருந்தது. 1991-இன் மூன்று மாதங்களில் ஓடிய தொகையைப் போல் இருபத்தைந்து மடங்குக்கு மேற்பட்ட பணம், சந்தையில் பெரிய சலனமின்றித் திருப்பிக் கொடுக்கப்பட்டது.